கண்ணாடிக் குழாயில் தெரிந்த நீலம்

1947 ஏப்ரல் 24. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊர். அங்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுற்றவிட்டு வேகம் ஏற்றும் சின்க்ரோட்ரான். ஹெர்பர்ட் பொல்லாக், ராபர்ட் லாங்மியூர் இருவரும் அன்று அதை அதன் எல்லைவரை விரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வப்போது உள்ளே தீப்பொறி தட்டுவது போன்ற அறிகுறி. கதிர்வீச்சுக்கு அஞ்சி இடையில் கான்கிரீட் சுவர் இருந்ததால் நேராகப் போய்ப் பார்க்க முடியாது. ஃபிளாய்ட் ஹேபர் என்ற தொழில்நுட்பப் பணியாளரிடம், சுவருக்கு அப்பால் ஒரு கண்ணாடியைப் பிடித்து எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்த உடனே அவர் இயந்திரத்தை நிறுத்தும்படி சைகை காட்டினார். குழாய்க்குள் மின்பொறி வெட்டுவதைப் பார்த்ததாகச் சொன்னார்.

மின்பொறி வெட்டியிருந்தால் குழாயின் வெற்றிடம் கெட்டிருக்க வேண்டும். அளவுமானியைப் பார்த்தால் வெற்றிடம் துளியும் கெடவில்லை. பொல்லாக்கும் லாங்மியூரும் சுவரின் ஓரத்துக்கு வந்து தாங்களே பார்த்தார்கள். குழாயின் ஓரிடத்தில் சின்னதாக ஒரு புள்ளி, பட்டப்பகலிலும் தெரியும் பிரகாசத்தில், நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. எலக்ட்ரான்கள் தாமே உமிழ்ந்த ஒளி அது. பின்னாளில் அந்த இயந்திரத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த நீல நிறம். கொஞ்சம் யோசித்தால் அது நீலமாக இருந்திருக்கவே கூடாது.

சுற்றும் எலக்ட்ரான் ஏன் ஒளிர வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மின்னூட்டம் உள்ள எந்தத் துகளைச் சுற்றியும் ஒரு மின்புலம் பரவியிருக்கிறது. துகள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகும்வரை அந்தப் புலமும் குலையாமல் கூடவே வரும். துகள் திடீரெனத் திரும்பினால், திரும்பிய சேதி தொலைவில் இருக்கும் புலத்துக்கு உடனே எட்டாது. ஒளியின் வேகத்தில்தான் அது போய்ச் சேரும். சேதி எட்டிய பகுதிக்கும் எட்டாத பகுதிக்கும் இடையில் புலத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு வெளியே ஓடுவதைத்தான் மின்காந்த அலை என்கிறோம். காந்தப்புலம் எலக்ட்ரானின் பாதையைக் கணந்தோறும் உள்நோக்கி வளைக்கிறது. ஆகவே கணந்தோறும் அலை கிளம்புகிறது.

இந்த அளவுக்கு 1947-க்கு வெகு முன்பே தெரியும். வளைந்து செல்லும் மின்னூட்டம் எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்று பிரான்சில் லியெனார் 1898-லேயே கணக்கிட்டிருந்தார். சோவியத் யூனியனில் இவானென்கோவும் பொமெரன்சுக்கும் 1944-ல், இந்த இழப்பே எலக்ட்ரான் முடுக்கிகளுக்கு ஓர் உச்சவரம்பு கட்டிவிடும் என்று எழுதினார்கள். அதைப் படித்த ஜான் பிளூவெட், ஸ்கெனெக்டடியின் இதே ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய இயந்திரமான 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் பீட்டாட்ரானில் அந்த இழப்பைத் தேடினார். எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதை எதிர்பார்த்தபடியே சற்றுச் சுருங்கியிருந்தது. ஆற்றல் எங்கோ போகிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் போன ஆற்றலை அவரால் பிடிக்க முடியவில்லை. அவர் அதை ரேடியோ அலைகளில் தேடினார்.

அப்படித் தேடியதில் நியாயம் இருந்தது. 1947-ல் ஒளிர்ந்த அந்தச் சின்க்ரோட்ரானையே எடுத்துக்கொள்வோம். அதன் வட்டப் பாதையின் ஆரம் சுமார் 29 சென்டிமீட்டர், பெரிய தாம்பாளம் அளவு. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான் அந்த வட்டத்தை விநாடிக்குச் சுமார் 16 கோடி முறை சுற்றும். விநாடிக்கு 16 கோடி முறை ஆடும் மின்னூட்டம் அதே அதிர்வெண்ணில், அதாவது சுமார் 1.8 மீட்டர் அலைநீளத்தில், ரேடியோ அலையை விட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வானொலிக் கம்பத்தில் எலக்ட்ரான்கள் மேலும் கீழும் ஆடும்போது நடப்பது அதுதான். ஆனால் குழாயில் தெரிந்த நீல ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் 38 லட்சம் மடங்கு வித்தியாசம்.

இந்த 38 லட்சம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், ஒளி எல்லாப் பக்கமும் பரவாமல் முன்னோக்கிக் குவிவதில் போய் நிற்போம்.

எலக்ட்ரானோடு அதே வேகத்தில் ஒரு கணம் கூடவே பயணிப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அந்தக் கணத்தில் எலக்ட்ரான் நின்றுகொண்டிருக்கிறது. வட்டத்தின் மையத்தை நோக்கி யாரோ அதைச் சுண்டி இழுக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி இழுபடும் எலக்ட்ரான் விடும் ஒளிக்கு ஒரு வடிவம் உண்டு. உளுந்து வடையின் வடிவம். வடையின் ஓட்டை, இழுக்கும் திசையில் இருக்கும்; அந்தத் திசையில் ஒளி இல்லை. வடையின் விளிம்பு உள்ள திசைகளில் ஒளி மிகுதி. ஆக, கூடப் போகிறவருக்கு எலக்ட்ரான் முன்பக்கம், பின்பக்கம், மேல், கீழ் எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஒளியை அனுப்புகிறது. அவர் பார்வையில் முன்னோக்கிய சாய்வு எதுவுமே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் நிற்பவரின் பார்வைக்கு மாறும்போதுதான் அந்தச் சாய்வு பிறக்கிறது.

ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டு, கொட்டையை நேர் பக்கவாட்டில் வீசுகிறோம். நமக்கு அது பக்கவாட்டில் போனதாகத்தான் தோன்றும். தண்டவாளத்தின் ஓரம் நிற்பவருக்கு அப்படி இல்லை. ரயிலின் வேகமும் கொட்டைக்கு இருப்பதால், அது முன்னோக்கிச் சாய்ந்து பாய்வதை அவர் பார்ப்பார். ரயில் விநாடிக்கு 20 மீட்டர் போகிறது, நாம் விநாடிக்கு 5 மீட்டரில் வீசுகிறோம் என்றால், கொட்டை ஐந்து மீட்டர் விலகுவதற்குள் இருபது மீட்டர் முன்னே போய்விடும்.

ஒளியிலும் இதுவேதான் நடக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான மாற்றத்தோடு. ரயிலின் வேகம் சேர்ந்ததால் மாங்கொட்டையின் மொத்த வேகம் கூடிவிட்டது. ஒளிக்கு அந்தச் சலுகை இல்லை. யார் பார்த்தாலும் அதன் வேகம் ஒன்றே. எலக்ட்ரானோடு போகிறவர் நேர் பக்கவாட்டில் போவதாகக் காணும் ஒளிக்கதிரை ஆய்வுக்கூடத்தில் நிற்பவர் பார்த்தால், அந்தக் கதிர் எலக்ட்ரானுக்கு ஈடாக முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பக்கவாட்டில் இல்லாமல் பின்தங்கிவிட்டதாகிவிடும். தன் மொத்த வேகத்திலிருந்து எலக்ட்ரானின் வேகத்தை முன்னோக்கிச் செலவிட்டுவிட்டு, மிஞ்சியதைத்தான் அது பக்கவாட்டுக்கு ஒதுக்க முடியும். எலக்ட்ரானே ஏறக்குறைய ஒளி வேகத்தில் போகும்போது மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம்? பள்ளியில் படித்த செங்கோண முக்கோணமே சொல்லிவிடும். சாய்ந்த பக்கம் ஒளியின் வேகம், அடிப்பக்கம் எலக்ட்ரானின் வேகம், செங்குத்துப் பக்கம் மிஞ்சிய வேகம். ஓய்வில் இருக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஸ்கெனெக்டடி இயந்திரம் அதை 70-க்கு ஏற்றியது, அதாவது 137 மடங்கு. இயற்பியலார் காமா என்று அழைப்பது இந்த மடங்கைத்தான். சாய்ந்த பக்கத்தை 137 என்று வைத்தால் செங்குத்துப் பக்கம் சரியாக 1 வரும். 137 அடி நீளமான கயிற்றின் ஒரு முனையைத் தரையில் கட்டி, இழுத்துப் பிடித்து, மறுமுனையை ஓர் அடி மட்டும் உயர்த்திப் பாருங்கள். அந்தக் கயிறு தரையோடு எவ்வளவு ஒட்டிக் கிடக்குமோ, அவ்வளவு ஒட்டி அந்த ஒளிக்கதிர் எலக்ட்ரானின் பாதையோடு போகிறது. கோணம் 0.42 டிகிரி.

நேர் பக்கவாட்டில் போன கதிருக்கே இந்தக் கதி என்றால், அதற்கு முன்பக்கம் போனவை எல்லாம் இன்னும் குறுகிய கோணத்துக்குள் வந்துவிடும். வடையின் முன்பாதி முழுவதும், அதாவது ஒளித்துகள்களில் சரிபாதி, 0.42 டிகிரி கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. கூம்பின் முழு அகலத்தை வானத்தில் வைத்துப் பார்த்தால் அருகருகே இரண்டு முழுநிலவைக்கூட அது மறைக்காது. பின்பாதியின் நிலை இன்னும் வியப்பானது. பின்னோக்கிப் புறப்பட்ட கதிர்களிலும் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்திலிருந்து பார்த்தால் முன்னோக்கியே வருகின்றன. உண்மையிலேயே பின்பக்கம் போய்ச் சேர்பவை சுமார் ஐம்பதாயிரத்தில் ஒன்றுதான். அவையும் ஆற்றல் வடிந்து துவண்டுபோன அலைகள்; முன்னே வருபவை ஆற்றல் ஏறி வருகின்றன.

இதை விளக்கும்போது பலரும் காரின் முகப்பு விளக்கை உவமை சொல்வார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. முகப்பு விளக்கில் ஒளியைக் குவிப்பது அதன் பின்னால் இருக்கும் குழிந்த கண்ணாடி. கார் நின்றாலும் ஒளி முன்னேதான் போகும். எலக்ட்ரானுக்குப் பின்னால் கண்ணாடி ஏதும் இல்லை. வேகம் மட்டுமே குவிக்கிறது. வேகம் பாதியானால் குவிப்பும் பாதியாகும் என்றும் நினைக்க வேண்டாம். ஒளி வேகத்தின் பாதியில் போகும் எலக்ட்ரானுக்கு அந்தக் கோணம் 60 டிகிரி. அதைக் கூம்பு என்று சொல்லவே முடியாது. ஒளி வேகத்தை ஒட்டும்போது மட்டுமே அது ஊசிபோல் கூராகிறது.

இப்போது நீல நிறத்துக்கு வருவோம்.

எலக்ட்ரான் கணந்தோறும் திரும்புவதால் இந்தக் கூர்மையான கூம்பும் கூடவே சுற்றிவருகிறது. பாதையின் தளத்தில் ஓரிடத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணை அது ஒரு சுற்றில் ஒரே ஒருமுறை தடவிவிட்டுப் போகும். 0.42 டிகிரி இந்தப் பக்கம், 0.42 டிகிரி அந்தப் பக்கம் என்று கூம்பு அவரைக் கடப்பதற்குள் எலக்ட்ரான் போகும் தூரம் வெறும் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். முழு வட்டம் 1.8 மீட்டர். ஆக, அவருக்கு ஒளி சீரான அலையாக வருவதில்லை. சுற்றுக்கு ஒருமுறை வெட்டும் மின்னலாக வருகிறது.

அந்த மின்னலும் இன்னொரு முறை சுருங்குகிறது. நான்கு மில்லிமீட்டர் ஓட்டத்தின் தொடக்கத்தில் எலக்ட்ரான் விட்ட ஒளி பார்ப்பவரை நோக்கி ஓடுகிறது. எலக்ட்ரானும் அதே திசையில், அதன் குதிகாலை மிதிக்காத குறையாக, பின்னாலேயே ஓடுகிறது. ஒளி ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போனால் இந்த எலக்ட்ரான் எட்டு கிலோமீட்டர்தான் பின்தங்கும். அப்படியானால் நான்கு மில்லிமீட்டரில் எவ்வளவு பின்தங்கும்? பாதையின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. ஓட்டத்தின் முடிவில் விட்ட ஒளி, தொடக்கத்தில் விட்ட ஒளிக்கு அவ்வளவே பின்னால் இருக்கிறது. மொத்த மின்னலின் தலைக்கும் வாலுக்கும் இடையே உள்ள நீளம் அவ்வளவுதான்.

இத்தனை குட்டையான துடிப்பை 1.8 மீட்டர் அலையால் உருவாக்க முடியாது. கோயில் மணியை ஒரு முறை ஓங்கி அடித்தால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் எழுவதுபோல, குட்டைத் துடிப்பில் பல அலைநீளங்கள் கலந்திருக்கும். துடிப்பு எவ்வளவு குட்டையோ, கலவை அவ்வளவு குட்டை அலைகள் வரை நீளும். முறைப்படி கணக்கிட்டால், வெளிவரும் ஆற்றலைச் சரிபாதியாகப் பிரிக்கும் அலைநீளம் இந்த இயந்திரத்துக்கு 476 நானோமீட்டர் என்று வருகிறது. வானவில்லில் அதன் இடம் நீலம். ஹேபரின் கண்ணாடியில் விழுந்த நிறமும் அதுவே. பிளூவெட் தேடிய ரேடியோ அலைகள் இந்தக் கலவையின் மறுகோடியில், அற்பமான பங்காகக் கிடந்தன.

காமா ஒரு முறை கூம்பைக் குறுக்குகிறது. துரத்தல் அதை இன்னும் இரண்டு முறை குறுக்குகிறது. ஆகவே நிறம் காமாவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து மாறும். 137-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 26 லட்சம்; அதில் ஒன்றரைப் பங்கு எடுத்தால் நாம் தேடிய 38 லட்சம் கிடைத்துவிடுகிறது. இந்தக் கணக்கு சரியென்றால் ஆற்றலைக் கொஞ்சம் குறைத்தாலும் நிறம் சட்டென மாற வேண்டும். ஸ்கெனெக்டடி குழுவினர் அதைத்தான் செய்து பார்த்தார்கள். ஆற்றலை 40-க்கு இறக்கியபோது ஒளி மஞ்சளானது. 30-ல் மங்கிய சிவப்பு. 20-க்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பாதி வழியில் அலைகள் அகச்சிவப்புக்கு நழுவிவிட்டன. கலவையின் குட்டை அலை வால் மட்டும் கண்ணுக்கு எட்டியது. மின்பொறியாக இருந்திருந்தால், குழாயில் எஞ்சிய வாயு எதுவோ அதன் நிறத்தைத்தான் காட்டியிருக்கும். எலக்ட்ரானின் ஆற்றலோடு சேர்ந்து இப்படிப் படிப்படியாக இறங்கி வந்திருக்காது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. ஒரு வட்டத்துக்கு வெளியே எங்கே நின்றாலும், அங்கிருந்து அந்த வட்டத்தைத் தொடும்படி இரண்டு கோடுகள் வரையலாம்: வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒரு கோட்டின் தொடுபுள்ளியில் எலக்ட்ரான்கள் நம்மை நோக்கி வரும்; மற்றதில் நம்மைவிட்டு விலகும். ஒளி எல்லாத் திசையிலும் பரவினால் இரண்டும் ஒளிர வேண்டும், ஏன், மொத்த வளையமுமே ஒளிர வேண்டும். அவர்கள் பார்த்தது நோக்கி வரும் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி. மேலும், அந்த ஒளியின் மின்புலம் பாதையின் தளத்திலேயே அதிர்வதையும் அளந்தார்கள். மையத்தை நோக்கி இழுபடும் எலக்ட்ரான் விடும் ஒளி அப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிளூவெட் வேலை செய்த பீட்டாட்ரானின் ஆரம் பெரிது, ஆற்றலும் பெரிது. இரண்டையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தால் அதிலும் ஏறக்குறைய இதே நீலம்தான் வருகிறது. அவர் ரேடியோவில் தேடிக்கொண்டிருந்தபோது, தேடிய பொருள் கண்ணால் காணும் ஒளியாக அங்கேயே இருந்தது. ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தில் ஒளி புகாத பூச்சு இருந்தது. சின்க்ரோட்ரானின் குழாய் வெறும் கண்ணாடி. கண்டுபிடிப்பு ஓராண்டு தள்ளிப்போனதற்கு ஒரு பூச்சின் தடிமனும் காரணம்.

கூம்பு என்று இதுவரை சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. அது ஒற்றை எலக்ட்ரானின் ஒரு கணத்துக்கு உரியது. எலக்ட்ரான்கள் வரிசையாக வந்து வளைவில் திரும்பிக்கொண்டே இருப்பதால், கிடைமட்டத்தில் கூம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து விசிறியாக விரிந்துவிடுகின்றன. மேல்-கீழ் திசையில் மட்டுமே அந்தக் குறுகல் அப்படியே மிஞ்சுகிறது. ஆகவே வளைவுக் காந்தத்திலிருந்து வருவது ஈட்டி அன்று. மெல்லிய பனையோலைபோலக் கிடைமட்டமாக விரித்த ஒளித்தகடு. அதன் விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் இராது. நீளமான அலைகள் 0.42 டிகிரிக்கு வெளியேயும் சிந்தும்; குட்டையானவை அதற்கு உள்ளேயே ஒடுங்கும்.

நம் நாட்டில் இந்த ஒளியைப் பார்க்க வேண்டுமானால் மத்தியப் பிரதேசத்தின் இந்தூருக்குப் போக வேண்டும். அங்கே ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்ற எலக்ட்ரான் வளையம் இருக்கிறது. சுற்றளவு சுமார் 172 மீட்டர், ஆற்றல் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். காமா ஏறக்குறைய 4,900. காந்தத்துக்குள் பாதை வளையும் ஆரம் ஐந்தரை மீட்டர். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் சரிபாதி அலைநீளம் 0.2 நானோமீட்டர்: அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவு. எக்ஸ் கதிர். ஸ்கெனெக்டடியில் நீலமாக வந்த ஒளி, காமா 36 மடங்கு ஏறியதால் இங்கே எக்ஸ் கதிராகிவிட்டது. படிகங்களின் உள்ளமைப்பை அறிய அதைப் பயன்படுத்துகிறார்கள்.

குவிப்பு இவ்வளவு கூரானதால் வரும் சிக்கலும் இங்கே தெளிவாகத் தெரியும். இருபது மீட்டர் தள்ளி ஆய்வுப்பொருளை வைத்தாலும் ஒளித்தகட்டின் பாதித் தடிமன் நான்கு மில்லிமீட்டர்தான். வளையத்துக்குள் எலக்ட்ரான்களின் பாதை டிகிரியில் நூறில் ஒரு பங்கு மேலாகவோ கீழாகவோ சாய்ந்தால் போதும், பொருளின் மேலே படும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் எலக்ட்ரான் கற்றை எங்கே போகிறது என்பதைப் பாதை நெடுகிலும் மானிகள் ஓயாமல் கவனித்தபடி இருக்க, சிறு காந்தங்கள் அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

இத்தகைய எலக்ட்ரான் வளையம் ஒன்றின் வரைபடம் கைக்குக் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். வளையத்திலிருந்து வெளியே நீளும் ஆய்வுக் குழாய்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல மையத்திலிருந்து விரிந்திருக்காது. எல்லாமே வட்டத்தைத் தொட்டபடி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எலக்ட்ரான்கள் ஓடும் திசை அதுதான்.